பூனைக்குப் படர்தாமரை: சென்னை வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

காதோரம் முடி கொட்டி, தவிடு மாதிரி உதிருது. ஆனா வட்டமா எதுவும் இல்லையே, இது படர்தாமரைதானா?

இருக்கலாம். மனிதத் தோலில் வரும் சிவந்த வட்டம் பூனையிடம் பெரும்பாலும் தெரியாது. காது விளிம்பு, மூக்குத்தண்டு, கண் ஓரம், முன்னங்கால், வால் நுனி என்று ஏதாவது ஓரிடத்தில் முடி குட்டையாக ஒடிந்து நிற்கும். விரலால் தடவினால் சாம்பல் நிறத்தில் செதில் உதிரும். அரிப்பு அதிகம் இருக்காது. விடாமல் சொறிந்துகொள்ளும் பூனை வந்தால் நான் முதலில் தெள்ளுப்பூச்சியையும் காதுப்பூச்சியையும்தான் தேடுவேன்.

பெரம்பூர் ஃபிளாட் ஒன்றிலிருந்து வந்த பஞ்சு என்ற பெர்சியன் குட்டியை வைத்தே மற்றதையும் சொல்கிறேன். மூன்று மாதக் குட்டி, எடை 1.2 கிலோ. இடது காது விளிம்பில் பட்டாணி அளவுக்கு முடி இல்லை, முன்னங்காலில் இன்னொரு திட்டு, அவ்வளவுதான். வீட்டில் கருப்பி என்று நான்கு கிலோவில் ஒரு நாட்டுப்பூனை, ஏழு வயதுப் பெண், அவள் அம்மா, அப்பா. குட்டி வந்து இரண்டு வாரம் கழித்து, அம்மாவின் முழங்கைக்குக் கீழே உட்புறத்தில் இரண்டு சிவப்பு வட்டம். குட்டியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் இடம் அதுதான்.

பூனைகளுக்கு வரும் படர்தாமரையில் மிகப் பெரும்பகுதி மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சையால் வருவது. முடியிலும் தோலின் மேலடுக்கிலும் உள்ள கெரட்டின் புரதம்தான் அதற்குச் சாப்பாடு. முடியின் உள்ளே புகுந்து தின்பதால்தான் முடி வேரோடு விழாமல் நடுவில் ஒடிகிறது. ஒடிந்து விழும் ஒவ்வொரு துண்டின் மேலும் வித்துகள் அப்பிக் கிடக்கும். நோய் பரவுவது இந்த முடித்துண்டுகளால்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எல்லாமே எளிதாகப் புரியும்.

டாக்டர் நீல விளக்கை அடிச்சுப் பார்த்துட்டு இருக்குன்னு சொன்னார். அது போதுமா? நானே டார்ச் வாங்கிப் பார்க்கலாமா?

அந்த விளக்குக்கு வுட்ஸ் விளக்கு என்று பெயர். இந்தப் பூஞ்சை பிடித்த முடி அந்த ஒளியில் இளம் ஆப்பிள் பச்சையாக ஒளிரும். எது ஒளிர்கிறது என்பது முக்கியம். முடித்தண்டே, அதுவும் வேரை ஒட்டிய பகுதி, பச்சையாகத் தெரிய வேண்டும். செதில், களிம்பு, துணிநூல் எல்லாமும் ஒளிரும், ஆனால் அது நீலமும் வெள்ளையும் கலந்த நிறம். கள்ள நோட்டு பார்க்கும் டார்ச்சை ஆன்லைனில் வாங்கி அடித்துப் பார்த்துவிட்டு "உடம்பு முழுக்க மின்னுது டாக்டர்" என்று பதறிப்போய் வருகிறவர்கள் உண்டு. மின்னுவது பெரும்பாலும் பொடுகுதான்.

ஒளிரும் முடியைப் பிடுங்கி மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, தண்டைச் சுற்றி வித்துகள் தெரிந்தால் அன்றே மருந்தைத் தொடங்கலாம். ஒளிரவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அப்போது வளர்ப்புச் சோதனை செய்ய வேண்டும். பிரிக்காத புது டூத்பிரஷ்ஷால் உடம்பு முழுக்க வாரி, திட்டு உள்ள இடத்தைக் கடைசியில் வாரி, அதே பிரஷ்ஷை வளர்ப்புத் தட்டில் குத்தி எடுப்பார்கள். பூஞ்சை வெள்ளைப் பஞ்சுபோல் முளைக்கும்போதே தட்டு மஞ்சளிலிருந்து சிவப்பாக மாறும். முடிவு வர இரண்டு வாரம் ஆகலாம். சிவந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது, ஏனென்றால் காற்றில் வரும் சாதாரணப் பூஞ்சைகளும் சில நாள் கழித்துத் தட்டைச் சிவக்க வைக்கும். முளைத்ததை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தே தீர வேண்டும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறவர்களும் சரி, தனியார் கிளினிக் போகிறவர்களும் சரி, "கல்ச்சர் போடணுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சிகிச்சையை எப்போது நிறுத்துவது என்ற கேள்வி வரும்போது அது உதவும்.

தொட்டாலே ஒட்டிக்குமா? எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் வரலை?

வித்து தோலில் பட்டால் மட்டும் போதாது. தோலில் ஒரு நுண்ணிய கீறலும் கொஞ்சம் ஈரமும் வேண்டும். குட்டி நகத்தால் கீறிய இடம், சட்டை உரசும் கழுத்து, வியர்வை காயாத முழங்கை மடிப்பு இதற்கெல்லாம் தோதான இடங்கள். சென்னையில் வருஷத்தில் பாதி நாள் தோல் ஈரமாகத்தானே இருக்கிறது. பஞ்சுவைத் தூக்கிக் கொஞ்சியது அம்மாவும் மகளும். அப்பா தூரத்திலிருந்து சோறு வைத்ததோடு சரி, அவருக்கு ஒன்றும் வரவில்லை.

ஒட்டிய பிறகு ஒன்று முதல் இரண்டு வாரத்தில் வட்டம் தெரியும். குழந்தைகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள், ஸ்டீராய்டு மாத்திரையோ புற்றுநோய் சிகிச்சையோ எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பூனையிலும் அப்படித்தான். குட்டிகளுக்கும் நீளமுடிப் பூனைகளுக்கும் அதிகம் வரும். நல்ல உடம்புள்ள பெரிய பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போதே நிறைய வித்துகளை அகற்றிவிடும்.

எங்க வீட்ல மூணு பேருக்கு இடுப்பிலயும் தொடையிலயும் படர்தாமரை, மாசக்கணக்கா போகலை. பூனையால வந்ததுதானே?

அநேகமாக இல்லை. சென்னையில் இதைப் பிரித்துப் பார்ப்பது ரொம்ப முக்கியம். இந்தியா முழுவதும் பல வருடமாகப் பரவிக்கொண்டிருக்கும் பிடிவாதமான படர்தாமரை, டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற வேறொரு பூஞ்சையால் வருவது. ஆளிடமிருந்து ஆளுக்கு, துண்டு, உள்ளாடை, படுக்கை வழியாகப் பரவும். இடுப்பு, தொடை இடுக்கு, புட்டம் ஆகிய இடங்களில் பெரிய பெரிய திட்டாக வரும். டெர்பினாஃபின் மாத்திரைக்கே பல சமயம் அடங்காது.

பூனையிடமிருந்து வருவது பெரும்பாலும் முன்கை, கழுத்து, மார்பு, முகம் என்று பூனை படும் இடத்தில், சின்னச் சின்ன வட்டங்களாக, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கிளம்பும். இது ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவுவது அரிது. இடுப்பில் இருக்கும் பழைய படர்தாமரைக்குப் பூனையைக் குற்றம் சொல்லி, அதை எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட்டால் உங்கள் அரிப்பு அப்படியேதான் இருக்கும். தோல் மருத்துவரிடம் போகும்போது வீட்டில் பூனை இருப்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். எந்த மாத்திரை என்பது அதனால் மாறலாம்.

மெடிக்கல்ல கேட்டு ஒரு க்ரீம் போட்டேன். முதல்ல குறைஞ்சுது, இப்ப இன்னும் பெருசாயிடுச்சு.

ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். க்ளோபெட்டசால், பெட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் இவற்றில் ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த க்ரீம். சிவப்பையும் அரிப்பையும் அது இரண்டே நாளில் அமுக்கும், உள்ளே பூஞ்சை தடையில்லாமல் வளரும். விளிம்பு மங்கி, வட்டமே தெரியாமல் போய், மருத்துவருக்கே அடையாளம் காண்பது கஷ்டமாகிவிடும். அக்கம்பக்கத்தில் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

முன்கையில் ஒன்றிரண்டு வட்டம்தான் என்றால், ஸ்டீராய்டு கலக்காத க்ளோட்ரிமசோல் அல்லது டெர்பினாஃபின் க்ரீமே பெரும்பாலும் போதும். வட்டத்தின் விளிம்பைத் தாண்டி ஒரு விரல் அகலம் வெளியேயும் தடவ வேண்டும். பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், வட்டம் மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடர வேண்டும். பஞ்சு இருக்கும் வீட்டு அம்மாவுக்கு இப்படித்தான் சரியானது.

பொண்ணுக்குத் தலையில ஒரு ரூபாய் அளவுக்கு முடி உதிர்ந்திருக்கு. அதே க்ரீம் போடலாமா?

கூடாது, போட்டாலும் பலிக்காது. பூஞ்சை முடியின் வேருக்குள் இருக்கிறது, க்ரீம் அங்கே இறங்காது. தலையில் வந்தால் மாத்திரைதான், அதுவும் வாரக்கணக்கில். இன்னொரு விஷயம், மைக்ரோஸ்போரம் தலையில் வந்தால் டெர்பினாஃபினைவிட க்ரிசியோஃபுல்வின் நன்றாக வேலை செய்கிறது. அதனால் எந்தப் பூஞ்சை என்று முடியைச் சோதித்துத் தெரிந்துகொள்வது பலன் தரும். தலையில் மெத்தென்று வீங்கி, சீழ் கோத்த கட்டி மாதிரி ஆகிவிட்டால் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். கட்டி என்று நினைத்துக் கீறிவிட்டால் வேதனைதான் மிச்சம். தாமதித்தால் அந்த இடத்தில் முடியே முளைக்காமல் போகலாம்.

பூனைக்கு என்ன மருந்து, எத்தனை நாள்? நானே கொடுக்கலாமா?

மருந்தை எழுதித் தருவது உங்கள் மருத்துவர். கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் தவறு நடக்காது, அதற்காகச் சொல்கிறேன்.

பூனைகளுக்கு முதலில் யோசிப்பது இட்ராகோனசோல். ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராம், நாளுக்கு ஒரு வேளை. ஒரு வாரம் கொடுத்து, ஒரு வாரம் விட்டு, மறுபடி ஒரு வாரம் என்று மூன்று சுற்று. முதல், மூன்றாம், ஐந்தாம் வாரம் மருந்து. இது முடியிலும் தோலிலும் தங்கிவிடும் மருந்து என்பதால், நடுவில் விடும் வாரமும் வீணாகாது.

பஞ்சு 1.2 கிலோ, ஆக 6 மில்லிகிராம். ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் உள்ள திரவமாக இருந்தால் 0.6 மில்லி, ஊசி இல்லாத சிரிஞ்சில். மனிதர்களுக்கான காப்ஸ்யூல் 100 மில்லிகிராம். அதில் இருக்கும் மணிகளைக் கண்ணளவில் பதினாறு பாகமாகப் பிரிப்பது ஆகிற வேலை இல்லை, ஒருநாள் பாதியும் ஒருநாள் இரட்டிப்புமாகப் போகும். சின்ன அளவில் எப்படித் தயாராகக் கிடைக்கும் என்று மருத்துவரிடமே கேளுங்கள். இன்னொன்று, குட்டி வளரும். மூன்றாவது சுற்று தொடங்கும்போது பஞ்சு 1.6 கிலோ இருந்தது, அளவு 8 மில்லிகிராம் ஆனது. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் எடை போடாவிட்டால் கடைசிச் சுற்றில் மருந்து குறைந்துவிடும்.

சாப்பாட்டை ஒதுக்குவது, வாந்தி, கண்ணோ ஈறோ மஞ்சளாவது தெரிந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே கூப்பிடுங்கள், கல்லீரலைப் பார்க்க வேண்டும். கர்ப்பமான பூனைக்கு இது வேண்டாம். டெர்பினாஃபின் மாத்திரை அடுத்த வழி. கீட்டோகோனசோல் மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து, அது கல்லீரலைப் பதம் பார்க்கும். க்ரிசியோஃபுல்வின் ஒரு காலத்தில் இதற்கு ஓடிய மருந்து. எலும்பு மஜ்ஜையை அது பாதிக்கக்கூடும் என்பதால் இப்போது பின்னால் போய்விட்டது.

மாத்திரை கொடுக்கிறோமே, அப்புறம் எதுக்குக் குளிப்பாட்டணும்? பஞ்சு தண்ணியைப் பார்த்தாலே ஓடுது.

இரண்டும் செய்வது வெவ்வேறு வேலை. மாத்திரை வேருக்குள் இருப்பதை நிறுத்துகிறது. ஏற்கெனவே முடியின் மேல் அப்பியிருக்கும் வித்துகளை அது ஒன்றும் செய்யாது. அவற்றைக் கொல்வது குளியல். அதைச் செய்யாவிட்டால் பூனை உள்ளுக்குள் குணமாகிக்கொண்டே வீட்டில் வித்துகளைத் தூவிக்கொண்டிருக்கும்.

மைக்கோனசோல் 2%, க்ளோர்ஹெக்சிடின் 2% சேர்ந்த ஷாம்பு, வாரம் இரண்டு முறை. திட்டுக்கு மட்டுமல்ல, முழு உடம்புக்கும். நுரை தோலில் பத்து நிமிடம் இருக்க வேண்டும், தோற்றுப்போகும் இடம் பெரும்பாலும் இதுதான். இரண்டு நிமிடத்தில் அலசிவிட்டு "ஷாம்பு வேலை செய்யலை" என்பார்கள். ஷவரைத் திறக்காதீர்கள், சத்தத்துக்கே மிரளும். பிளாஸ்டிக் டப்பில் இரண்டு அங்குலம் வெதுவெதுப்பான தண்ணீர், அடியில் வழுக்காமல் ஒரு பழைய துண்டு. ஸ்பாஞ்சால் கழுத்திலிருந்து வால் வரை நனைத்து, முகத்துக்கு ஈரத்துணி மட்டும். ஒருவர் பிடிக்க, ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுக்க, பத்து நிமிடம் ஓடிவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குளித்த துண்டை நேராகத் துவைக்கப் போடுங்கள். கந்தகச் சுண்ணாம்புக் கரைசலும் நல்ல மருந்துதான், ஆனால் அழுகிய முட்டை வாடை வரும், வெள்ளைப் பூனை மஞ்சளாகும். அதைப் பொறுக்கிறவர்கள் குறைவு.

மனிதர்களுக்கான க்ரீமைப் பூனைக்கும் தடவலாமா என்று கேட்பார்கள். அது நக்கித் தின்றுவிடும், திட்டு தெரியாத இடத்தில் இருக்கும் வித்துகளுக்கு அதனால் பயனும் இல்லை. டீ ட்ரீ எண்ணெய் பூனைக்கு விஷம். இணையத்தில் யார் சொன்னாலும் வேண்டாம்.

முடியை மொட்டை அடிச்சுட்டா சீக்கிரம் சரியாகுமா?

பெரும்பாலும் தேவையில்லை. மெஷின் போட்டால் தோலில் நுண்ணிய கீறல் விழுந்து திட்டு பரவும், முடித்துண்டும் அறை முழுக்கப் பறக்கும். ஷாம்பு தோல்வரை இறங்காத அளவுக்குச் சடைபிடித்த பெர்சியனுக்கு மட்டும், நுனி மழுங்கிய கத்தரிக்கோலால் சடையை வெட்டிப் பையில் கட்டிப் போடுங்கள்.

கருப்பிக்கு ஒண்ணுமே இல்லை, நல்லாத்தான் இருக்கா. அவளுக்கும் மருந்து வேணுமா?

திட்டு இல்லாமலே முடியில் வித்துகளைச் சுமந்து திரியும் பூனைகள் உண்டு. கருப்பியை டூத்பிரஷ்ஷால் வாரிச் சோதித்தபோது தட்டில் ஒன்றிரண்டு முளைத்தன, தோலில் ஒன்றும் இல்லை, விளக்கிலும் ஒளிரவில்லை. அதாவது பஞ்சுவின் முடி அவள் மேல் ஒட்டியிருக்கிறது, நோய் பிடிக்கவில்லை. குளியல் மட்டும் போதுமானதாக இருந்தது. திட்டும் இருந்து தட்டு நிறைய முளைத்திருந்தால் அவளுக்கும் மாத்திரை கொடுத்திருப்போம்.

வீட்டை எப்படிச் சுத்தம் பண்றது? டெட்டால் ஊத்தித் துடைக்கிறேன்.

டெட்டால், ஃபினைல் இரண்டையும் பூனை நடக்கும் தரையில் தவிர்க்கவும். அவற்றில் உள்ள ஃபினால் வகைப் பொருட்களைப் பூனையின் கல்லீரலால் கையாள முடியாது. கால் நக்கும்போது உள்ளே போகும்.

முடியை அகற்றுவதுதான் முக்கால்வாசி வேலை. மருந்து அதற்கு அப்புறம். குட்டியைப் பொருள் குறைவாக உள்ள ஓர் அறையில் வைத்துக்கொள்ளுங்கள். மெத்தை, கம்பளம், துணி சோஃபா இருக்கும் அறை வேண்டாம். தினமும் ஈரத்துணியாலோ வாக்குவம் போட்டோ முடியை எடுங்கள். விளக்குமாற்றால் பெருக்கினால் முடி எழும்பி வேறு இடத்தில் போய் உட்காரும். வாரம் இரண்டு முறை, சோப்புத் தண்ணீரால் துடைத்து அழுக்கை எடுத்த பிறகு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி திரவ ப்ளீச் என்று கலந்து தரையில் பத்து நிமிடம் ஈரமாக இருக்க விடுங்கள். அழுக்கின் மேல் ப்ளீச் ஊற்றினால் வேலை செய்யாது. அதை டாய்லெட் ஆசிடோடு சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். நன்றாகக் காய்ந்து வாடை போன பிறகு பூனையை விடுங்கள்.

துணிக்குச் சுடுதண்ணீர் தேவையில்லை. மெஷினில் அடைக்காமல் போட்டு, தண்ணீர் நிறைய விட்டு, இரண்டு முறை துவைத்தால் போதும். சீப்பு, கழுத்துப்பட்டை, பழைய கேரியர் கூடை இவற்றை மறந்துவிடுகிறோம். மரம், பிரம்பு என்றால் தூக்கிப் போடுவதே நல்லது. வித்துகள் சாதகமான சூழலில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும்.

அதற்காகக் குட்டியை மாதக்கணக்கில் தனியறையில் பூட்டாதீர்கள். மூன்று மாதக் குட்டி மனிதர்களோடு பழகக் கற்றுக்கொள்ளும் வயது அது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போய் விளையாடுங்கள், வெளியே வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவிச் சட்டையை மாற்றுங்கள்.

நான் கர்ப்பமா இருக்கேன். குழந்தைக்கு ஆபத்தா?

இந்தப் பூஞ்சை தோலோடு நின்றுவிடும், கருவுக்குப் போகாது. பூனையால் கர்ப்பிணிகளுக்கு வரும் என்று பயமுறுத்தப்படும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வேறு விஷயம். உங்களுக்கு வட்டம் வந்தால் மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் பூஞ்சை மாத்திரை எதையும் விழுங்காதீர்கள். பூனையின் மருந்தையும் குளியலையும் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

மூணாவது வாரமே முடி நல்லா வளர்ந்துடுச்சு. நிறுத்திடலாமா?

இங்கேதான் பாதிப்பேர் நிறுத்துகிறார்கள், இரண்டு மாதம் கழித்துத் திரும்பவும் வருகிறார்கள். தோல் பார்ப்பதற்குச் சரியாகிவிடும், முடியில் வித்துகள் இன்னும் இருக்கும். நல்ல உடம்புள்ள பூனைக்கு இந்நோய் மருந்தில்லாமலேகூட இரண்டு மூன்று மாதத்தில் அடங்கிவிடலாம் என்பது உண்மை. அந்த இரண்டு மூன்று மாதமும் அது வீடு முழுக்கத் தூவிக்கொண்டே இருக்கும் என்பதால்தான் மருந்து கொடுக்கிறோம்.

பஞ்சுவுக்கு மூன்றாம் வாரம் காதில் முடி மூடிவிட்டது. நான்காம் வாரம் பிரஷ் சோதனை, தட்டில் இன்னும் சில முளைத்தன. ஐந்தாம் வாரம் மாத்திரை முடிந்தது, குளியலும் துடைப்பும் தொடர்ந்தன. ஆறாம் வாரம் எடுத்த தட்டில் இரண்டு வாரம் காத்திருந்தும் ஒன்றும் முளைக்கவில்லை. அதன் பிறகுதான் குளியலை நிறுத்தினோம். வேறு நோயில்லாத பூனைக்கு இப்படி ஒரு சுத்தமான தட்டு போதும். பூனைகள் பல உள்ள வீட்டில் இரண்டு கேட்பேன். பிசிஆர் சோதனை செத்த பூஞ்சையையும் காட்டும் என்பதால், தோல் நன்றாக இருக்கும்போது அது பாசிட்டிவ் என்று வந்தால் பயந்துவிடாமல் தட்டையும் பாருங்கள்.

அடுத்து இன்னொரு குட்டி எடுக்கலாம்னு இருக்கோம். என்ன பார்த்து எடுக்கணும்?

காது விளிம்பையும் மூக்குத்தண்டையும் வெயிலில் பாருங்கள், மீசையில் ஒடிந்த முடி இருக்கிறதா பாருங்கள். விற்பவர் "பால்முடி உதிருது" என்றால் நம்பாதீர்கள். பார்ப்பதற்குச் சரியாக இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் மூன்று வாரம் தனியறை, முதல் நாளே டூத்பிரஷ் சோதனை. நோய் வெளியே தெரிய ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும் என்பதால்தான் அந்தக் கணக்கு. குட்டியைத் தூக்கிவந்த கூடையை அன்றைக்கே சோப்புப் போட்டுக் கழுவி, ப்ளீச் தண்ணீர் விட்டு வெயிலில் காய வையுங்கள்.